ரெஃபரல் போனஸ்: பிடித்தது 9,000, அடுத்த பாதி எப்போது?

கேள்வி: என் நண்பனை எங்கள் நிறுவனத்தில் சேர்த்துவிட்டேன். ரெஃபரல் போனஸ் மொத்தம் 60,000. அவன் மூன்று மாதம் முடித்ததும் பாதி, ஆறு மாதம் முடித்ததும் மீதி என்றார்கள். போன மாதச் சம்பளத்தோடு முதல் 30,000 வந்தது. ஆனால் கையில் கூடுதலாகக் கிடைத்தது 21,000தான். மாதம் 1,05,000 சம்பளத்துக்கு 11,500 வரி பிடிக்கிறார்கள், அதாவது சுமார் 11 சதவீதம். இந்த 30,000க்கு மட்டும் 9,000 எப்படி? இரண்டாவது பாதியிலும் இப்படித்தான் போகுமா? அவன் 24ஆம் தேதி சேர்ந்தான், இப்போது ஐந்தாவது மாதம் ஓடுகிறது. வேறு இடத்திலிருந்து அவனுக்கு ஆஃபர் வந்திருக்கிறது. போனஸில் பாதி உனக்கு என்று அவனிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் அந்த 9,000. நீங்கள் கொடுத்த எண்களைப் பார்த்தால் கணக்கில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. குழப்பம் 11 சதவீதம் என்ற எண்ணில் இருக்கிறது. அது உங்கள் முழுச் சம்பளத்தின் சராசரி. போனஸுக்கு அந்தச் சராசரி பொருந்தாது.

வரிப் படிகள் நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே உங்கள் பே ஸ்லிப்போடு ஒத்துப்போகும்படி ஒரு மாதிரிப் படியை எடுத்துக்கொள்கிறேன். ஆண்டு வருமானத்தில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 20 சதவீதம், அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் 30 சதவீதம். உங்கள் ஆண்டுச் சம்பளம் 12,60,000. இதற்கு வரி 40,000 + 80,000 + 18,000, ஆக 1,38,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 11,500. உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் அதே தொகை.

இப்போது போனஸை இதன் மேல் வையுங்கள். வரி இல்லாத முதல் 4 லட்சத்தை உங்கள் சம்பளம் ஏற்கெனவே நிரப்பிவிட்டது. 10 சதவீதப் படியும் 20 சதவீதப் படியும் நிரம்பிவிட்டன. கடைசிப் படியிலும் 60,000 ஏறி உட்கார்ந்திருக்கிறது. புதிதாக வரும் 30,000க்கு அந்தக் கடைசிப் படியில்தான் இடம். முழுத் தொகைக்கும் 30 சதவீதம், 9,000. போனஸுக்கென்று தனியாக ஒரு தண்டனை வரி எதுவும் போடவில்லை. உங்கள் ஜனவரி சம்பளம், ஜூன் சம்பளம் என்று பிரித்துப் பார்க்காமல், ஆண்டின் உச்சியில் வந்து சேர்ந்த பணமாக இதைப் பாருங்கள். இதே 30,000 ஆண்டு முழுவதற்கும் பிரிந்து மாதச் சம்பள உயர்வாக வந்திருந்தாலும் அதே 9,000தான் போயிருக்கும், சிறுகச் சிறுகப் போயிருப்பதால் கண்ணில் பட்டிருக்காது.

இதை நீங்களே சரிபார்க்க ஒரு வழி உண்டு. எங்கள் சம்பளப் பிரிவுக்கு யாராவது வந்து "வரி அதிகம் பிடித்துவிட்டீர்கள்" என்றால் நான் முதலில் கேட்பது இரண்டு பே ஸ்லிப்புகளை: போனஸ் வந்த மாதத்தினுடையதும் அதற்கு முந்தைய மாதத்தினுடையதும். மேஜை மேல் அடுத்தடுத்து வைத்துவிடுவேன். வருவாய்ப் பக்கத்தில் ஒரு பதிவு புதிதாக இருக்கும், ரெஃபரல் போனஸ் 30,000. பிடித்தப் பக்கத்தில் போனஸ் வரி என்று தனி வரி எதுவும் இருக்காது. வருமான வரி என்ற ஒரே இடத்தில் போன மாதம் 11,500, இந்த மாதம் 20,500 என்று இருக்கும். பென்சிலால் இரண்டு எண்களையும் வட்டமிட்டு, வித்தியாசத்தைப் பக்கத்தில் எழுதுவேன். உங்களுடையது 9,000 என்று வர வேண்டும். அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் சேமநல நிதிப் பிடித்தம் இரண்டு மாதத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அதுவும் கூடியிருந்தால், போனஸைத் தவறான தலைப்பில் ஏற்றிவிட்டார்களா என்று கேளுங்கள்.

வரி வித்தியாசம் போனஸில் 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் அதே மாதத்தில் வேறு எதுவோ கலந்திருக்கிறது. வரி ஆண்டு முடியப் போகும் மாதங்களில் இது அடிக்கடி நடக்கும். வரிச் சலுகைக்கான ரசீதுகளைத் தரவில்லை என்றால், நீங்கள் ஆண்டுத் தொடக்கத்தில் அறிவித்த சலுகையைப் பேரோல் என்னும் சம்பளக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். வரி திடீரென ஏறும். போனஸும் அதே மாதத்தில் வந்திருந்தால் பழி முழுவதும் போனஸ் மேல் விழும். உங்கள் விஷயத்தில் 9,000 சரியாகப் பொருந்துவதால் அந்தச் சந்தேகம் இல்லை.

சரி, இரண்டாவது பாதிக்கு வருவோம். இரண்டு பாதியும் 30,000தான். ஆனாலும் பிடித்தம் வேறு மாதிரி இருக்கலாம். அதிகம் பேருக்குத் தெரியாத இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு தொகைக்கு ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு வரி என்பது ஒரு கேள்வி. அதை எந்த மாதத்தில் பிடிப்பது என்பது இன்னொரு கேள்வி. இந்தியாவில் நிறுவனம் உங்கள் ஆண்டுச் சம்பள வருமானத்தை முன்கூட்டி மதிப்பிட்டு, அதற்கான வரியை மாதங்களுக்குப் பிரித்துப் பிடிக்கிறது. போனஸ் வந்தால் மதிப்பீடு கூடும். அந்தக் கூடுதல் வரியைச் சில பேரோல்களில் அந்த மாதமே முழுவதும் பிடித்துவிடுவார்கள். சிலவற்றில் ஆண்டில் மிச்சமிருக்கும் மாதங்களுக்குப் பிரித்துவிடுவார்கள். அமெரிக்காவில் வழக்கம் வேறு. சம்பளத்திலிருந்து பிரித்துக் காட்டப்படும் போனஸுக்கு, உங்கள் படி எதுவாக இருந்தாலும், கூட்டரசு வருமான வரியாக ஒரே சீராக 22 சதவீதம் பிடிக்க நிறுவனத்துக்கு அனுமதி உண்டு. அங்கே உங்கள் உண்மையான படி 12 சதவீதமாக இருந்தால் கூடுதலாகப் போனது ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கணக்கில் வந்துவிடும். படி 32 ஆக இருந்தால் மீதியை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். எந்த நாடாக இருந்தாலும் மாதத்தில் பிடிப்பது முன்பணம் போலத்தான். ஆண்டு முடிந்து கணக்குப் பார்க்கும்போதுதான் இறுதி வரி.

உங்கள் நிறுவனம் முதல் பாதிக்கு அந்த மாதமே முழுவதும் பிடித்துவிட்டது. இதுவே பிரித்துப் பிடிக்கும் பேரோலாக இருந்து, வரி ஆண்டின் பதினொன்றாவது மாதத்தில் போனஸ் வந்திருந்தால், மிச்சம் இரண்டு மாதம்தான். மாதம் 4,500. போனஸ் மாதத்தில் 25,500 கூடுதலாக வரும், அடுத்த மாதச் சம்பளம் 4,500 குறையும். அதே முறையில் இரண்டாவது பாதி புதிய வரி ஆண்டின் இரண்டாவது மாதத்தில் வந்தால் அந்த 9,000 பதினொரு மாதத்துக்குப் பரவும். மாதம் ஏறக்குறைய 820. வங்கிக் கணக்கில் 29,000க்கு மேல் விழும். வரியே பிடிக்கவில்லை என்று மகிழ்ந்து போவோம். ஆனால் அந்த 9,000 எங்கும் போய்விடவில்லை. ஆண்டு முழுக்கச் சம்பளத்திலிருந்து மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும்.

நான் பார்த்த ஒருவருக்கு இதே மாதிரி நடந்தது. இரண்டாவது பாதி கிட்டத்தட்ட முழுசாக வந்ததும் அந்தக் கணக்கை வைத்து ஒரு கடனின் மாதத் தவணையை உயர்த்திக்கொண்டார். அடுத்த மாதம் சம்பளம் சில நூறு குறைந்ததும் யாரோ தவறு செய்திருக்கிறார்கள் என்று எங்கள் அறைக்கு வந்தார். தவறு எதுவும் இல்லை. போனஸ் வந்த நாளிலேயே இதை அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும், நாங்கள்தான் சொல்லவில்லை. அதிலிருந்து போனஸ் பட்டியல் வரும் மாதங்களில் "வரி இந்த மாதமே பிடிக்கப்பட்டது" அல்லது "மீதமுள்ள மாதங்களில் பிடிக்கப்படும்" என்று ஒரு வாக்கியம் மெயிலில் சேர்க்க ஆரம்பித்தோம். உங்கள் நிறுவனத்தில் அப்படி யாரும் எழுதாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

புதிய ஆண்டில் உங்கள் சம்பளம் உயர்ந்தாலும், வரிப் படிகளே மாறினாலும், இரண்டாவது பாதிக்கான சதவீதம் அந்தப் புதிய ஆண்டின் கணக்கில்தான் வரும். அதனால் முதல் பாதியில் போனதை அப்படியே பெருக்கி எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் மாதிரிக் கணக்கில் எதுவும் மாறாத பட்சத்தில் மொத்த வரி 18,000, உண்மையில் உங்களுக்கு நிற்பது 42,000. திட்டம் போட அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தேதி. 24ஆம் தேதி சேர்ந்தவருக்கு ஆறாவது மாதம் முடிவது 23ஆம் தேதி. பேரோலுக்குத் தகவல் அனுப்பும் கடைசி நாள் பல இடங்களில் மாதத்தின் 20ஆம் தேதியை ஒட்டி இருக்கும். அன்று உங்கள் நண்பர் ஆறு மாதத்தை முடித்திருக்க மாட்டார். மூன்று நாள் குறைகிறது. ஆகவே அவர் பெயர் அடுத்த மாதப் பட்டியலில்தான் ஏறும், பணம் அந்த மாதக் கடைசியில் வரும். தகுதி பெற்ற நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் நடுவே ஐந்து வாரம் இடைவெளி. உங்கள் முதல் பாதிக்கும் இதுவே நடந்திருக்கும், தேதியைப் பார்த்தால் தெரியும். யாரும் இழுத்தடிக்கவில்லை.

ஆனால் இந்த ஐந்து வாரம் உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் நண்பர் கையில் ஆஃபர் இருக்கிறது. ரெஃபரல் விதியில் நீங்கள் தேட வேண்டிய வாசகம் ஒன்றுதான். "ஆறு மாதம் பணி நிறைவு செய்தால் வழங்கப்படும்" என்று மட்டும் இருந்தால், 23ஆம் தேதியைத் தாண்டியதும் தகுதி வந்துவிட்டது. 25ஆம் தேதி அவர் ராஜினாமா கொடுத்தாலும் நீங்கள் கேட்க நியாயம் இருக்கிறது. "வழங்கும் நாளில் இருவரும் பணியில் இருக்க வேண்டும், நோட்டீஸ் பீரியடில் இருக்கக் கூடாது" என்று இருந்தால் கதை வேறு. அப்போது அவர் 25ஆம் தேதி கொடுக்கும் ஒரு மெயில் அந்த 30,000ஐ எடுத்துவிடும். "இருவரும்" என்ற சொல்லையும் கவனியுங்கள். நீங்கள் வேலையை விட்டாலும் இதே கதைதான். என் முதல் வேலையில் ரெஃபரல் போனஸின் இரண்டாவது பாதி வரவேண்டிய மாதத்தில் நான் நோட்டீஸ் கொடுத்திருந்தேன். விதியை ஒருமுறைகூடப் படித்திருக்கவில்லை. பணம் வரவில்லை, கேட்டபோது அந்த வாசகத்தைக் காட்டினார்கள்.

சம்பளமில்லா நீண்ட விடுப்பை மாதக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று சில விதிகளில் இருக்கும். நண்பர் அப்படி விடுப்பு எடுத்திருந்தால் 23ஆம் தேதி என்பதும் தள்ளிப்போகும். முதல் பாதியை, புதியவர் சீக்கிரம் விலகினால் திருப்பிப் பிடிக்கலாம் என்று வாசகம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இரண்டு தவணையாகக் கொடுப்பதே பெரும்பாலும் அந்தப் பிடுங்கலைத் தவிர்க்கத்தான் என்பதால் அது இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம், ஆனாலும் படித்தால்தான் தெரியும்.

எச்.ஆரிடம் வாய்மொழியாகக் கேட்காதீர்கள். நான்கு வரியில் ஒரு மெயில் போதும். நண்பரின் பணியாளர் எண், சேர்ந்த தேதி, இரண்டாவது பாதிக்குத் தகுதி வரும் தேதி என்று நீங்கள் கணக்கிட்டது, அது எந்த மாதச் சம்பளத்தில் வரும் என்ற கேள்வி. நண்பருக்கு ஆஃபர் இருப்பதைப் பற்றி அந்த மெயிலில் ஒரு சொல்கூட வேண்டாம், அது அவருடைய விஷயம். பதில் மெயிலில் வரும் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதப் பட்டியலில் பெயர் விடுபட்டால் கேட்க அது உதவும். பெயர் விடுபடுவது நிஜமாகவே நடக்கும். முதல் பாதி தானாக வந்திருக்கும், இரண்டாவதை யாரோ ஒருவர் கையால் எக்ஸெல்லில் குறித்து வைத்திருப்பார், அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

இனி நண்பருக்குச் சொன்ன பாதி. அதைக் கொஞ்சம் வேகமாகச் சரிசெய்ய வேண்டும். 60,000இல் பாதி என்று அவர் 30,000ஐ மனதில் வைத்திருப்பார். முதல் தவணைக்கு 15,000 கொடுத்தால் உங்களிடம் மிஞ்சுவது 6,000. இரண்டு தவணையும் அப்படிக் கொடுத்தால் 42,000இல் 30,000 அவருக்கு, 12,000 உங்களுக்கு. போனஸ் உங்கள் சம்பள வருமானம், வரி முழுவதும் உங்கள் பேரில்தான். அவருக்குக் கொடுத்ததைக் காட்டி வரியைக் குறைக்கவும் முடியாது. பேரோலில் போய் "பாதியை அவன் கணக்கில் போடுங்கள்" என்று கேட்கவும் வழியில்லை.

ஆகவே அவரிடம் இரண்டு பே ஸ்லிப்பையும் காட்டிச் சொல்லுங்கள், "கையில் வந்ததில் பாதிடா, 10,500." நண்பர் என்றால் எண்ணைப் பார்த்தால் புரிந்துகொள்வார். அதற்கு முன் விதியில், போனஸைப் பரிந்துரைக்கப்பட்டவரோடு பங்கிடக் கூடாது என்று இருக்கிறதா என்று பாருங்கள். சில நிறுவனங்கள் அதை நடத்தை விதிமீறலாகவே வைத்திருக்கின்றன. அப்படி இருந்தால் அந்தக் காரணத்தை மறைக்காமல் சொல்லி வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்வதே மேல். இரண்டாவது பாதிக்கு எந்த நிலையிலும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள்.

ஆஃபர் விஷயத்தில் நான் உங்களுக்குச் சொல்வது கொஞ்சம் கறாராக இருக்கலாம். 21,000க்காக அவரை இருக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். அவருடைய புதிய சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போனால் அவர் இழப்பது அதைவிட அதிகமாக இருக்கலாம். நீங்கள் கேட்கக்கூடியது தேதி மட்டும்: "எப்போது ராஜினாமா கொடுக்கப் போகிறாய்?" புதிய இடத்தில் சேரும் தேதி எப்படியும் தள்ளித்தான் இருக்கிறது, ராஜினாமாவை ஒரு வாரம் பின்னால் கொடுத்தாலும் அவருக்கு எதுவும் கெடாது என்றால், விதியில் இருக்கும் தேதியை அவரிடம் சொல்லிவிடுங்கள். முடிவு அவருடையது. அவருக்கு முடியாது என்றால் முதல் 21,000 உங்களுக்கு வந்தது வந்ததுதான், விதி தடுக்காத பட்சத்தில், அதில் பங்கு கொடுப்பதாகச் சொன்னதை இரண்டாவது பாதி வரவில்லை என்பதற்காக நிறுத்திவைக்காதீர்கள்.